செயலிக்குள் எஃப்எம், செயலிக்குள் பாட்டுப் பட்டியல்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியும் வேறுபாடு

இசைச் செயலிகளில் 'ரேடியோ' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, நிலையத்தில் இப்போது ஒலிபரப்பாவதை அப்படியே இணையம் வழியாகத் தருவது. மற்றொன்று, ஒரு பாடகர் பெயரிலோ ஒரு பாட்டின் பெயரிலோ செயலியே கோத்துத் தரும் பாட்டு வரிசை. அடுத்த பாட்டுக்குத் தாவும் பொத்தான் வேலை செய்தால் அது பட்டியல்தான், பெயர் மட்டும் ரேடியோ. இங்கே பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

முதல் சில நாட்களில் நேரலைக்கும் பட்டியலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பேருந்திலும் ரயிலிலும் தினமும் கேட்க ஆரம்பித்தால் தெரிந்துவிடும். நாலரை நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் 4.3 எம்பி. பட்டியலில் அதைப் போட்டதும், சிக்னல் நன்றாக இருந்தால் சில விநாடிகளில் முழுப் பாட்டும் போனுக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு சிக்னல் போனாலும் பாட்டு நிற்காது. நேரலையில் இதற்கு வழியில்லை. அடுத்த நிமிடம் ஒலிபரப்பாகப் போவது இன்னும் நிலையத்திலேயே உருவாகவில்லை, அதை முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது. கையிருப்பு பெரும்பாலும் சில விநாடிகளுக்குத்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையிருப்பு 10 விநாடி, வழியில் 40 விநாடிக்குச் சிக்னல் இல்லை. பத்து விநாடி ஓடும், பிறகு முப்பது விநாடி மௌனம். சிக்னல் திரும்பியதும் செயலி இரண்டில் ஒன்றைச் செய்யும். நடப்பு நேரத்துக்குத் தாவினால் இடையில் போன அரை நிமிடப் பேச்சு போனதுதான். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் எதுவும் போகாது, ஆனால் அந்த முப்பது விநாடி தாமதமாகச் சேர்ந்துகொள்ளும். வழியில் நாலு முறை இப்படி அறுந்தால், செய்தி இரண்டு நிமிடம் பிந்தி வரும். இடைநிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் இந்தத் தாமதம் தீராமல் போகலாம். நிலையத்தை முழுதாக மூடித் திரும்பத் திறந்தால்தான் நடப்பு நேரத்துக்கு வரும்.

அறுபடாத இணைப்பிலும் தாமதம் உண்டு. பல நிலையங்கள் ஒலியை 6 முதல் 10 விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகின்றன. செயலி வழக்கமாகக் கடைசி மூன்று துண்டுகளுக்குப் பின்னாலிருந்துதான் ஓட்ட ஆரம்பிக்கும். ஆக 20, 30 விநாடி தாமதம் சாதாரணம். கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்கு இது பெரிய குறை. பக்கத்து வீட்டில் ஆரவாரம் அடங்கிய பிறகுதான் நம் போனில் அந்தப் பந்து வீசப்படும். சோதிப்பது எளிது: சாதாரண எஃப்எம் ரேடியோவில் அதே நிலையத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரே சொல் இரண்டிலும் வரும் இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள். செயலியை வைத்து மணி சரிபார்க்க வேண்டாம்.

டேட்டா விஷயத்தில் நேரலை மோசமில்லை. 64 கேபிபிஎஸ் நிலையம் மணிக்கு 29 எம்பிக்குள்தான் எடுக்கும். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டாலும் மாதம் 1.7 ஜிபி. 320 கேபிபிஎஸ் பட்டியல் ஒரே மணி நேரத்தில் 144 எம்பி எடுத்துவிடும். ஆனால் பட்டியலை வீட்டு வைஃபையில் ஒருமுறை இறக்கிவிட்டால் எத்தனை தடவை கேட்டாலும் மேலும் டேட்டா செலவில்லை. நேரலையில் கேட்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் டேட்டா போய்க்கொண்டே இருக்கும்.

64 கேபிபிஎஸ்ஸில் பேச்சு தெளிவாகவே இருக்கும். குறை தெரிவது ஜால்ரா, சலங்கை போன்ற கூர்மையான ஒலிகளில். அவை கணீரென்று விழாமல் தண்ணீர் சலசலப்பது போலக் குழைந்து கேட்கும். பக்திப் பாடல்களை விரும்பிக் கேட்பவர்கள் அவற்றைப் பட்டியலில் வைத்துக்கொள்வதே நல்லது. ஒலி அளவும் ஒத்துப்போகாது. பாட்டுக்குப் பாட்டு அளவைச் சமன்செய்யும் அமைப்பு பொதுவாகப் பட்டியலுக்கு மட்டுமே பொருந்தும். நிலையங்களோ ஒலியை ஏற்கெனவே அழுத்தி உரக்க அனுப்புகின்றன. ஹெட்போனில் பட்டியலிலிருந்து நேரலைக்கு மாறும்போது முதலில் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

மாதச் சந்தா கட்டினால் விளம்பரம் போய்விடும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. செயலி தானே செருகும் விளம்பரம்தான் போகும். நிலையத்தின் ஒலியோடு கலந்து வருவது அப்படியே வரும்.

திரையை அணைத்த சில நிமிடங்களில் நேரலை நின்றுபோனால் சிக்னலைக் குறை சொல்வதற்கு முன் ஆண்ட்ராய்டின் பேட்டரி கட்டுப்பாட்டைப் பாருங்கள். Settings, Apps, அந்தச் செயலி, Battery என்று போய் Unrestricted வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரே ஒரு நிலையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து மற்றவை ஓடினால் கோளாறு போனில் இல்லை. நிலையம் தன் ஒலி முகவரியை மாற்றியிருக்கும், செயலியின் பட்டியலில் பழையதே கிடக்கும். நிலையத்தின் சொந்த இணையதளத்தில் அது ஓடுகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். செயலிக்காரர்கள் முகவரியைத் திருத்தும்வரை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.