அம்மாவுக்கான அச்செடுப்புக் குறிப்பு: படத்தாளா, விசைத்தாளா?

மடிக்கணினியில் இருக்கும் கடிதத்தை யாரையும் எதிர்பார்க்காமல் தானே காகிதத்தில் எடுக்க வேண்டும் என்று 74 வயதான என் அம்மா கேட்டபோது, அதற்கான படிப்படியான குறிப்பை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று, ஒவ்வொரு படிக்கும் திரையைப் படமெடுத்து, எங்கே மவுஸை வைத்து அழுத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்ட படத்தாள். மற்றொன்று, படமே இல்லாமல், எந்த விசையை அழுத்தினால் என்ன தெரியும் என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரே பக்க விசைத்தாள். இப்போது அம்மாவின் மேசையில் இருப்பது இரண்டாவது தாள்தான். தொலைபேசியிலேயே வழி சொல்லிவிடலாம் என்ற மூன்றாவது யோசனையை முதல் நாளே கைவிட்டேன். திரையில் என்ன இருக்கிறது என்று அம்மா விவரிப்பதும் நான் அதை ஊகிப்பதுமாகவே நேரம் போய்விடும், அடுத்த முறையும் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

முதல் நாளில் படத்தாளே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாளில் இருக்கும் படமும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்போது, படிக்கவே தேவையில்லாமல் அம்புக்குறியைப் பின்பற்றிப் போய்விடலாம். ஆனால் எழுத்தும் பொத்தானும் கண்ணுக்குத் தெரியும் அளவில் படங்களை அச்சிட்டதில் என் குறிப்பு ஒன்பது பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய தடை இரட்டைக் கிளிக். விரல் லேசாக நடுங்கினால் இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே மவுஸ் நகர்ந்து, கோப்பு திறப்பதற்குப் பதிலாக இழுபட்டு வேறிடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு முறை கிளிக் செய்து, கையை மவுஸிலிருந்து எடுத்து, Enter விசையை அழுத்தினாலும் அதே கோப்பு திறக்கும் என்பதை அம்மாவுக்குக் காட்டியபோதுதான், மற்ற படிகளையும் ஏன் விசைக்கே மாற்றக்கூடாது என்று தோன்றியது.

ஆயினும் என்னை முடிவெடுக்க வைத்தது அந்த வசதி அன்று, பராமரிப்பு. ஒரு குறிப்பு எழுதப்பட்ட நாளில் சரியாக இருப்பது பெரிதில்லை; எழுதியவர் பக்கத்தில் இல்லாத நாளிலும் அது உண்மையாக இருக்க வேண்டும். அம்மாவின் கணினி விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். அந்த ஒரு மாற்றத்தில், திரையின் இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் கீழ்ப் பட்டையின் நடுப்பக்கம் நகர்ந்தது. படங்கள், சின்னங்கள், நிறம் என்று பலவும் வேறாயின. மறுநாளே அம்மா அழைத்து, "தாள்ல இருக்கிற படம் இங்க இல்லையேப்பா, நான் எதையாவது கெடுத்துட்டேனா?" என்று கேட்டார். அவர் எதையும் கெடுக்கவில்லை. கெட்டுப்போனது என் ஒன்பது பக்கங்கள். படத்தாளைப் பின்பற்றுபவர் படத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் நகர்கிறார். ஒரு படம் பொருந்தாவிட்டால், அடுத்த படி சரியாக இருந்தாலும் அவர் அங்கே போவதில்லை. நிரல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் இந்த அபாயம் இருக்கிறது, அதைத் திருத்த ஒவ்வொரு முறையும் நான் படமெடுத்து அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

அதே மாற்றத்துக்குப் பிறகும் Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு P தட்டினால் அச்செடுக்கும் பெட்டி முன்போலவே வந்தது. கடிதம் எழுதும் நிரலானாலும், இணைய உலாவியானாலும், பி.டி.எஃப். படிக்கும் நிரலானாலும் இந்தச் சேர்க்கை ஒன்றேதான். பெட்டியின் தோற்றம் நிரலுக்கு நிரல் மாறும். அதை வரவழைக்கும் வழி மாறுவதில்லை. அதனால்தான் குறிப்பை அந்த வழியின் மேல் கட்டினேன்.

அம்மாவின் முதல் அச்சுக்காக ஒரு பக்கக் கடிதம் ஒன்றை பி.டி.எஃப். ஆக்கி, முகப்புத்திரையில் தனியாக வைத்தேன். அவர் கணினியில் அது எட்ஜ் உலாவியில் திறக்கும். Ctrl விசையில் சிவப்புப் பொட்டும் P விசையில் பச்சைப் பொட்டும் ஒட்டினேன். சில மடிக்கணினிகளில் இடது மூலையில் Fn என்ற விசையும் அதற்கு அடுத்து Ctrl விசையும் இருக்கும், சிலவற்றில் இடம் மாறியிருக்கும். ஆகவே "மூலையில் உள்ள விசை" என்று எழுதுவதைவிடப் பொட்டு நம்பகமானது. தாளில் இருந்தது இவ்வளவுதான்:

1. பிரிண்டரின் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரியும் வரை காத்திருங்கள். தட்டில் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஜன்னல் படம் போட்ட விசையைப் பிடித்துக்கொண்டு D விசையை ஒரு முறை தட்டுங்கள். முகப்புத்திரை தெரியும்.
3. "கடிதம்" என்ற பெயரின் மேல் ஒரே ஒரு முறை கிளிக் செய்யுங்கள். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு Enter அழுத்துங்கள். கடிதம் பெரிதாகத் திறக்கும்.
4. சிவப்புப் பொட்டைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பொட்டை ஒரு முறை தட்டுங்கள். பிறகு இரண்டையும் விட்டுவிடுங்கள். கடிதத்தின் சிறிய உருவத்தோடு ஒரு பெட்டி வரும்.
5. பெட்டியின் கீழே நிறமுள்ள பொத்தானைப் படியுங்கள். Print என்று இருந்தால் Enter அழுத்துங்கள். Save என்று இருந்தால் Esc அழுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.
6. கையைக் கட்டிக்கொண்டு அறுபது வரை எண்ணுங்கள். காகிதம் வராவிட்டாலும் மறுபடி அழுத்த வேண்டாம்.

ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் "என்ன தெரியும்" என்று எழுதியிருப்பதுதான் இந்தத் தாளில் படங்களின் வேலையைச் செய்கிறது. படத்தின் நுணுக்கம் மாறினாலும், "கடிதம் பெரிதாகத் திறக்கும்" என்ற வாக்கியம் பொய்யாகாது.

ஐந்தாவது படியை நான் முதலில் எழுதவில்லை. முதல் முயற்சியில் அம்மா எல்லாவற்றையும் சரியாகச் செய்து Enter அழுத்திய பின், காகிதத்துக்குப் பதிலாக, கோப்புக்குப் பெயர் வைக்கச் சொல்லும் பெட்டி வந்தது. நான் முந்தைய நாள் அதே உலாவியில் ஏதோ ஒன்றை Save as PDF என்று சேமித்திருந்தேன். கடைசியாகத் தேர்ந்ததை உலாவி நினைவில் வைத்துக்கொள்வதால், அம்மாவின் கடிதமும் பிரிண்டருக்குப் போகாமல் கோப்பாக மாறப் பார்த்தது. இந்த நிலையில் பொத்தானில் Print என்பதற்குப் பதிலாக Save என்றே எழுதியிருக்கும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் Microsoft Print to PDF என்ற போலிப் பிரிண்டர் தேர்வாகியிருந்தால் பொத்தானில் Print என்றுதான் இருக்கும். அழுத்திய பிறகே Save Print Output As என்ற பெட்டி வந்து உண்மை வெளிப்படும். அதை அம்மா கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது பிள்ளை செய்து முடிக்க வேண்டிய முன்வேலை.

அதற்கு ஜன்னல் விசையோடு R தட்டி, வரும் சிறிய பெட்டியில் இதைத் தட்டச்சு செய்து Enter அழுத்தினால் பிரிண்டர் அமைப்புப் பக்கம் நேராகத் திறக்கும்:

```
ms-settings:printers
```

அங்கே Let Windows manage my default printer என்ற தேர்வை அணைக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாகப் பயன்படுத்தியதையே விண்டோஸ் இயல்பான பிரிண்டராக மாற்றிக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகு உண்மையான பிரிண்டரைத் திறந்து Set as default கொடுத்து, Microsoft Print to PDF போன்ற தேவையில்லாதவற்றை நீக்கிவிட்டேன். கடைசியாக, அம்மா திறக்கப்போகும் அதே கோப்பை அதே உலாவியில் திறந்து, உண்மையான பிரிண்டரைத் தேர்ந்து ஒரு முறை அச்செடுத்தேன். அதன் பின் உலாவி நினைவில் வைத்திருப்பது அதைத்தான். காகித அளவையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் Letter என்றும் தட்டில் ஏ4 காகிதமும் இருந்தால், அளவு பொருந்தவில்லை என்று பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிடக்கூடும்.

ஆறாவது படியும் அனுபவத்தில் வந்ததுதான். மை தெளிக்கும் பிரிண்டர்கள் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டால், முதல் தாளை இழுப்பதற்கு முன் தம் மை முனைகளைச் சுத்தம் செய்துகொண்டு ஓசை எழுப்பும். காகிதம் அசையாததால், அழுத்தியது பதிவாகவில்லை என்று நினைத்து அம்மா நான்கு முறை Ctrl, P, Enter என்று திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக வரிசையில் சேர்ந்து, சற்றுப் பொறுத்து ஐந்து கடிதங்கள் அடுக்காக வந்து விழுந்தன. அதனால்தான் "காத்திருங்கள்" என்று மட்டும் எழுதாமல், எண்ணச் சொல்லி எழுதினேன். எண்ணி முடித்தும் வராவிட்டால், திரையின் கீழ் வலது மூலையில் கடிகாரத்தருகே ஒரு சிறிய பிரிண்டர் படம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்; சில நேரம் அது அங்குள்ள மேல்நோக்கிய அம்புக்குறிக்குள் மறைந்திருக்கும். அது இருந்தால் வேலை கணினியிலிருந்து இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் பிரிண்டர் அணைந்திருக்கும் அல்லது வைஃபை இணைப்பு விட்டிருக்கும். அங்கே இல்லை என்றால் வேலை பிரிண்டரைச் சேர்ந்துவிட்டது என்று கொண்டு காகிதம், மை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வேன்.

விசைத்தாள் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். இருபது பக்க ஆவணத்தில் மூன்றாம் பக்கம் மட்டும் வேண்டும் என்றால், பெட்டிக்குள் Pages என்ற இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு படம் பல வாக்கியங்களுக்குச் சமம். அதற்காக மட்டும் தாளின் பின்புறம் ஒரே ஒரு படத்தை ஒட்டியிருக்கிறேன், நிரல் மாறினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தக் கை ஒத்துழைக்காதவர்களுக்கு விண்டோஸில் Sticky Keys என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் Ctrl விசையைத் தட்டி விட்டுவிட்டு, பிறகு P தட்டலாம். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை, ஆகவே முதியவர் கையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அனுபவமாக என்னால் சொல்ல முடியாது. மேலும், நான் பார்த்தது ஒரு கணினி, ஒரு பிரிண்டர், என் அம்மாவின் இரண்டு கைகள். மவுஸில் ஏற்கெனவே தேர்ந்த கை உள்ளவருக்குப் படத்தாளே எளிதாக இருக்கலாம்.

சென்ற வாரம் அம்மா கேட்ட திருத்தம் ஒன்றுதான். ஆறு படிகளுக்கும் இடையே இருந்த இடைவெளி போதவில்லை, கண் திரைக்குப் போய்த் திரும்பும்போது வரி தவறிவிடுகிறது என்றார். எழுத்தின் அளவைக் குறைக்காமல், ஒவ்வொரு படியின் கீழும் ஒரு கோடு போட்டு, படித்த வரிக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு கெட்டி அட்டைத் துண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.