16,15 ஆ, 16,14,13,11 ஆ, இல்லாட்டி 15,14 ஆ: கச்சான் தோட்டத்து லைட்டுக்கு எந்த டேப்?

ஒட்டுசுட்டான் பக்கம் மாமான்ர கச்சான் தோட்டத்துக்கு பண்டி வராம இருக்க ஒரு லைட் செய்து குடுத்தனான். ஒரு சின்ன சோலார் பனல், பழைய மோட்டச்சைக்கிள் பற்றரி, எட்டுக்கால் ஏ.வி.ஆர் சிப் ஒண்டு, அவ்வளவுதான். ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா சிப் ஒரு பிட் எடுக்கும், 1 எண்டா லைட் பத்தும், 0 எண்டா நூரும். சும்மா ஒரே தாளத்தில மின்னினா பண்டி பழகிப்போகும் எண்டுதான் ராண்டம் மாதிரி வரட்டும் எண்டு எல்.எஃப்.எஸ்.ஆர் போட்டனான், அதாவது பிட்டுகளை ஒவ்வொரு இடமா நகர்த்தி, சில இடத்துப் பிட்டுகளில இருந்து புதுப் பிட் செய்யிற ரெஜிஸ்டர், அந்த இடங்களைத்தான் டேப் எண்டுறது.

ஒரு கிழமை போக மாமா கோல் எடுத்தார். "தம்பி, உன்ர லைட் ஒரே பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பாடுது. நடுவில ஒரு நீட்டு இருட்டு வருது பார், அரை நிமிசம் இருக்கும், அது எட்டரை நிமிசத்துக்கு ஒருக்கா டாண் எண்டு வருது. காவல் கொட்டிலுக்க இருந்து போன் மணிக்கூட்டில பாத்தனான். எனக்கே தெரியுதெண்டா பண்டிக்குத் தெரியாதே?"

எனக்கு முதல் நம்பிக்கை இல்ல, 16 பிட் ரெஜிஸ்டர் எண்டா 65535 பிட்டுக்குப் பிறகுதானே திரும்ப வேணும், ரெண்டு செக்கன் படி கணக்குப் பாத்தா 36 மணித்தியாலத்துக்கு மேல, எட்டரை நிமிசம் எங்கயிருந்து வருது? எட்டரை நிமிசம் எண்டா 510 செக்கன், அதைப் பாதியாக்கினா 255. அந்த எண்ணைக் கண்டோண்ணதான் பிழை எங்க எண்டு பிடிபட்டது. 15 பிட்டுக்கு 15,14 எண்டு டேப் போடலாம் எண்டு தெரியும், 16 க்கும் அதே மாதிரி 16,15 வரும்தானே எண்டு ஒரு யோசனையும் இல்லாமப் போட்டிட்டன். வராது. ஏன் வராது எண்டதை 4 பிட்டில வச்சுப் பாத்தா கையாலயே எழுதலாம்.

நாலு பெட்டி வரிசையா இருக்கெண்டு வையுங்கோ. ஒவ்வொரு தரமும் எல்லாம் வலப்பக்கம் ஒரு பெட்டி நகரும், கடைசிப் பெட்டியில இருந்தது வெளிய விழும், அதுதான் எங்களுக்கு வாற பிட். முதல் பெட்டிக்குப் புதுசா என்ன போகும் எண்டதை டேப் தீர்மானிக்குது. டேப் 4,3 எண்டா நகர முந்தி நாலாம் பெட்டியையும் மூண்டாம் பெட்டியையும் எக்ஸோர் பண்ணி, அதாவது ரெண்டும் வேறவேற எண்டா 1, ஒண்டெண்டா 0, அதை முதல் பெட்டிக்க போடுறது. 1000 இல தொடங்கி மூண்டு விதமா ஓடவிட்டுப் பாத்தன்:

```
4,3     : 1000 0100 0010 1001 1100 0110 1011 0101
          1010 1101 1110 1111 0111 0011 0001  -> 15
4,2     : 1000 0100 1010 0101 0010 0001       -> 6
4,3,2,1 : 1000 1100 0110 0011 0001            -> 5
```

4,3 எல்லா நிலையையும் ஒருக்கா தொட்டுட்டுத்தான் வீட்ட வருது. நாலு பிட்டில 16 நிலை இருந்தாலும் 0000 இக்குள்ள விழுந்தா எக்ஸோர் எப்பவும் 0 தான், வெளிய வர ஏலாது, அதால 15 தான் ஆகக் கூட. 4,2 ஆறோட திரும்பீட்டுது. மிச்ச நிலைகள் எங்க எண்டா 1100 இல தொடங்கினா இன்னொரு ஆறு, 0110 இல தொடங்கினா ஒரு மூண்டு, எல்லாம் தனித்தனி வட்டமாக் கிடக்கு, ஒண்டில இருந்து மற்றதுக்குப் போக வழியில்ல. அதாவது டேப் பிழையெண்டா தொடக்க எண்ணைப் பொறுத்துக் கூட நீளம் மாறும், மேசையில ஒரு எண்ணோட ஓடிப்பாத்து நல்லாக் கிடக்கெண்டு விட்டா தோட்டத்தில வேற எண்ணோட தொடங்கேக்க கவுத்துப்போடும்.

4,3,2,1 தான் எனக்கு ஆச்சரியம். கனக்க டேப் போட்டா கனக்கக் குழம்பும் எண்டு நினைப்பம், ஆனா அதுதான் ஆகக் கட்டையா அஞ்சில நிக்குது.

இதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு என்னெண்டா, 4,3 ஐ `x^4+x^3+1` எண்டு ஒரு பல்லுறுப்புக்கோவையா எழுதலாம், குணகம் எல்லாம் 0, 1 தான், கூட்டல் எல்லாம் எக்ஸோர். 4,2 இன்ர கோவை `x^4+x^2+1`, அது `(x^2+x+1)^2` எண்டு உடையும், உடைஞ்சா வட்டமும் உடையும். 4,3,2,1 இன்ர கோவை உடையாது, ஆனாலும் `x^5+1` ஐ அது மிச்சமில்லாமப் பிரிக்கும், அதால அஞ்சோட சரி. ஆக உடையாம இருந்தா மட்டும் காணாது, 15 க்கு முந்தின எந்த அடுக்கிலயும் அப்பிடிப் பிரிபடக் கூடாது. இந்த ரெண்டும் சரியா இருக்கிறதைத்தான் பிரிமிட்டிவ் எண்டு சொல்லுறது. 4 பிட்டில அப்பிடி ரெண்டுதான் இருக்கு, 4,3 உம் அதைத் திருப்பிப் போட்ட 4,1 உம்.

கணக்கு வேண்டாமெண்டுற ஆக்களுக்கு ஒரு கைப்பரிசோதனை இருக்கு. எல்லாப் பெட்டியிலயும் 1 போட்டுப் பாருங்கோ, டேப் எண்ணிக்கை ஒற்றையெண்டா எக்ஸோர் 1, திரும்ப எல்லாம் 1, அப்பிடியே இறுகிப்போகும். அதால டேப் எப்பவும் இரட்டைதான், கடைசிப் பெட்டியும் அதில இருக்கத்தான் வேணும். ஆனா 4,2 உம் இதில பாஸ் பண்ணும், அதால இது பிழையைத் தூக்கி எறிய மட்டும்தான் உதவும்.

இப்ப என்ர 16,15 க்கு வருவம். ரெண்டு டேப் எண்டா கோவையில மூண்டு உறுப்பு. 8 ஆல பிரிபடுற அளவு எதுக்கும், 8, 16, 24, 32 எதெண்டாலும், மூண்டு உறுப்புக் கோவை கட்டாயம் உடையும், இது நிரூபிச்ச விசயம். பாருங்கோ பகிடியை, நாங்கள் கொம்பியூட்டரில கையில எடுக்கிற அளவெல்லாம் 8 இன்ர மடங்குதான், அங்கதான் ரெண்டு டேப் சரிவராது. 16,15 இன்ர கோவை ரெண்டு எட்டாம் அடுக்குத் துண்டா உடையுது, எட்டாம் அடுக்குத் துண்டு 255 க்கு மேல ஓடாது. நான் 16 பிட் வாங்கி 8 பிட் வேலை செய்திருக்கிறன்! மாமா சொன்ன நீட்டு இருட்டும் கணக்கில இருந்தது, கீழ வாற சீ கோட்டில 16,15 ஐப் போட்டு 0x0001 இல தொடங்கினா முதல் 1 க்குப் பிறகு பதினாலு 0 தொடர்ந்து வருது, 28 செக்கன்.

சரி, மாத்திறதெண்டா எதுக்கு மாத்திறது? ஒண்டு 16 பிட்டில நாலு டேப், 16,14,13,11, நீளம் 65535. மற்றது 15 பிட்டுக்கு இறங்கி 15,14, நீளம் 32767, ரெண்டு செக்கன் படி 18 மணித்தியாலம். ஒரு இரவு பன்ரெண்டு மணித்தியாலம்தானே, 18 தாராளமாக் காணும். ஐசி வச்சு வயர் இழுக்கிறதெண்டா நான் 15,14 தான் சொல்லுவன், ஷிஃப்ட் ரெஜிஸ்டர் 74HC164 ரெண்டும், நாலு எக்ஸோர் கேட் இருக்கிற 74HC86 ஒண்டும் போட்டா வேலை முடிஞ்சுது, ஒரு எக்ஸோர் கேட்தான் டேப்புக்குப் போகும். நாலு டேப்புக்கு மூண்டு கேட் வேணும், அதுவும் அதே ஒரு 74HC86 க்குள்ள அடங்கும், மிஞ்சிற நாலாவது கேட்டின்ர ஒரு காலை பிளஸ்ஸில கட்டி பீட்பாக்கைத் தலைகீழாக்கலாம். தலைகீழாக்கினா இறுகிற நிலை எல்லாம் 0 இல்ல, எல்லாம் 1, அப்ப கரண்ட் வரேக்க ரீசெட்டாகி 0 வில நிண்டாலும் தானாக் கிளம்பும். 15,14 இலயும் இதைச் செய்யுங்கோ, இல்லாட்டி கரண்ட் வாற நேரம் எல்லாம் 0 வில நிண்டு விடியுமட்டும் லைட் பத்தாது.

ஆனா என்னட்டக் கிடக்கிறது சிப்பும் சீயில எழுதின புரோகிராமும், அங்க கதை வேற. மேல பாத்த முறை ஃபிபொனாச்சி, நாலு இடத்தில இருந்து பிட்டைப் பொறுக்கி ஒண்டாக்க வேணும், ஏ.வி.ஆர் ஒரு தரத்தில ஒரு இடம்தான் நகர்த்தும், அதால அது இழுபடும். கால்வா முறையில வெளிய விழுற பிட்டை மட்டும் பாத்து, அது 1 எண்டா டேப் இருக்கிற இடமெல்லாத்தையும் ஒரே அடியில புரட்டுறது:

```c
uint8_t b = s & 1;
s >>= 1;
if (b) s ^= 0xB400;
```

0xB400 எண்டது 16,14,13,11 தான். கீழ் பைட் 00, அதால எக்ஸோரும் மேல் பைட்டுக்கு மட்டும்தான். இங்க ரெண்டு டேப்போ நாலு டேப்போ செலவு ஒண்டுதான், பிறகேன் 15 க்கு இறங்குவான்? 16 ஐயே எடுத்தன்.

ஒரு பொறி இருக்கு. இந்த 0xB400 வலப்பக்கம் நகர்த்திறதுக்கு. ஆரோ எழுதின இடப்பக்க கோட்டில இதைத் தூக்கிப் போட்டா நீளம் 63 ஐத் தாண்டாது, இடப்பக்கத்துக்குத் திருப்பி எழுதின 0x002D தான் வேணும். ஆரையும் நம்பாம எண்ணிப் பாக்கிறதுதான் நல்லது, கொம்பியூட்டரில கண் மூடித் திறக்க முந்தி முடியும்:

```c
uint16_t s = 1; uint32_t n = 0;
do {
  s = (s >> 1) ^ (-(s & 1u) & 0xB400u);
  n++;
} while (s != 1 && n < 70000);
```

65535 வந்தா சரி. 0xC000 போட்டன், அதுதான் 16,15, நேரா 255 எண்டு காட்டிச்சு, வெக்கமாப் போச்சு. 70000 இல நிண்டா அது 1 க்குத் திரும்பவே இல்லையெண்டு அர்த்தம், மாஸ்க்கோ நகர்த்திற பக்கமோ பிழை.

பிறகு மாமா, பத்திற நேரமும் கூடிக் குறைஞ்சு வரட்டும் எண்டார். நாலு பிட் எடுத்து நேரமாக்கிறது லேசுதான், ஆனா ஒரு படி மட்டும் நகர்த்திப்போட்டு எடுத்தா முந்தின நாலில மூண்டு பிட் அப்பிடியே இருக்கும், 8 வந்தா அடுத்தது ஒண்டில 4, இல்லாட்டி 12, அது ராண்டமே இல்ல. அதால ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டுப் படி நகர்த்திறன். அந்த எட்டையும் கண்டபாட்டுக்கு மாத்தக் கூடாது, 65535 எண்டது 3, 5, 17, 257 இன்ர பெருக்கம், மூண்டு மூண்டு படியா நகர்த்தினா 21845 எண்ணோட சுத்தி வந்திடும். 15 பிட் எடுத்தவைக்கு அதே வில்லங்கம் ஏழில வரும், 32767 இல ஏழு இருக்கு. எட்டு ரெண்டுக்கும் பாதுகாப்பு.

ஆராவது இதையே கேட் பூட்டுக்கோ ரிமோட்டுக்கோ போடுவம் எண்டு நினைச்சா வேண்டாம், 16 பிட் ரெஜிஸ்டர் எண்டா தொடர்ந்து வந்த 32 பிட்டைப் பாத்தவன் டேப்பையும் கண்டுபிடிச்சு மிச்சம் முழுக்கச் சொல்லிப்போடுவான். பண்டி அவ்வளவு தூரம் கணக்குப் பாக்காது.

புதுச் சிப்பைக் கொண்டுபோய்ப் பூட்டின அண்டு இரவு மாமா போனை வச்சுக்கொண்டு கொட்டிலுக்க ரெண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறார், நீட்டு இருட்டு திரும்ப வருதோ எண்டு பாக்க. விடிய கோல் எடுத்து, "இல்லை, பிடிபடேல்ல" எண்டார், பண்டி வந்ததோ எண்டு கேட்டன், தான் நித்திரையாப் போயிட்டாராம்.