"காப்பி எடுத்துட்டுத்தான்கா தொடுவோம்" என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிய கடை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வேறு யாரும் அந்தப் படியேறிவிடக் கூடாது என்பதற்காக. மதுரையில், பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், டேட்டா ரெக்கவரி என்று பெரிதாக போர்டு வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிழைத்திருக்க வேண்டிய என் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

அதில் இருந்தது உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் பல வருடமாகப் பதிவு செய்த ஒப்பாரியும் கும்மியும் நடவுப் பாட்டும். பாடிய பாட்டிகளில் பலர் இன்று உயிரோடு இல்லை. எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் பழைய 1 டிபி டிஸ்க் மக்கர் செய்தது. காப்பி வேகம் பூஜ்யத்துக்கு இறங்கியது, ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கு ஆனது. கோவையில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்கு போன் போட்டேன். "சித்தி, டிஸ்க்கோட உடல்நிலையக் காட்டுமே, அந்த கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல வர்றத ஒரு போட்டோ எடுத்துட்டு உடனே கழட்டிருங்க. அப்புறம் எதுலயும் மாட்டாதீங்க" என்றான். அப்படியே செய்தேன். டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் மிகச் சிறிய துண்டுதான் செக்டர். அந்த போட்டோவில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் 40. அதுவரை டிஸ்க்குக்குத் தெரியவந்த கணக்குதான் அது. ஆனாலும் 1 டிபி டிஸ்க்கில் 40 செக்டர் என்பது மிகச் சொற்பம்.

ஏன் உடனே கழற்ற வேண்டும் என்றால், நலிந்த செக்டரைப் படிக்கச் சொன்னால் டிஸ்க் சும்மா விடாது. அதே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் முட்டும். விண்டோஸும் தன் பங்குக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். தகட்டைப் படிக்கும் ஹெட் ஏற்கனவே பலவீனமாக இருந்தால் இதிலேயே போய்விடும். தகட்டில் உரசிவிட்டால் அதுவரை நன்றாக இருந்த இடமும் போச்சு. போதாததற்கு, மாட்டி வைத்திருக்கும் நேரமெல்லாம் விண்டோஸ் நம்மைக் கேட்காமலே அதில் எதையாவது எழுதும்.

அக்கா மகன் வரத் தாமதமாகும் என்பதால் அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி டிஸ்க்கைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்தார், பதமாக மேஜையில் வைத்தார். டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாக ஒரே ஃபைலாகப் படியெடுப்பதற்கு இமேஜ் என்று பெயர். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ரிப்பேர் எதுவும் பண்றதுக்கு முன்னாடி முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுப்பீங்களா தம்பி?" யோசிக்கவே இல்லை. "காப்பி எடுத்துட்டுத்தான்கா தொடுவோம். ஒரிஜினல்ல கையே வைக்க மாட்டோம்" என்றார். சரியான பதில். அந்த ஒரு பதிலுக்காகத்தான் 3,000 முன்பணம் கட்டினேன்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "மாஸ்டர் சென்னை போயிருக்காரு." "ஓடிக்கிட்டே இருக்குக்கா, பாதி வந்துருச்சு." பிறகு போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், வேலை முடிந்தது, மீதி 5,500 கட்டினால்தான் டிஸ்க் கைக்கு வரும் என்றார்கள். கட்டினேன். திறந்தால் என் ஃபோல்டர்களில் பெரும்பாலானவை காணோம். found.000 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் .chk என்று முடியும் ஃபைல்கள். இமேஜ் எங்கே என்று கேட்டேன். "செக் டிஸ்க் போட்டோம்கா, ரிப்பேர் ஆகிருச்சுன்னுதான் வந்துச்சு. உங்க டிஸ்க் ஏற்கனவே செத்ததுதானே?" 8,500 ரூபாய்க்குக் கிடைத்த பதில் இதுதான்.

செக் டிஸ்க் என்பது விண்டோஸோடு வரும் ரிப்பேர் கட்டளை. சாகும் டிஸ்க்கில் அதை chkdsk /r என்று போட்டால், அது ஓர் இடம் விடாமல் முழுவதையும் படிக்கும். பழுதான இடத்தில் மல்லுக்கட்டும். அதோடு, ஃபைல் பட்டியலில் எந்தப் பதிவைப் படிக்க முடியவில்லையோ அது கெட்டுப்போனது என்று முடிவுகட்டி அழித்துவிட்டு, பட்டியலை அதே டிஸ்க்கிலேயே மாற்றி எழுதும். நலிந்த செக்டரில் புதிதாக எழுதினால், அதுவும் சரிவராதபோது டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். எப்படியானாலும் பழையதில் இருந்தது இனி வராது. முதலில் இமேஜ் எடுத்திருந்தால் இதையெல்லாம் காப்பியில் செய்து பார்த்திருக்கலாம். தோற்றாலும் திரும்ப முயல ஒரிஜினல் இருந்திருக்கும்.

அக்கா மகன் வந்து லினக்ஸில், அதே உடல்நிலைக் கணக்கைக் காட்டும் smartctl போட்டுப் பார்த்தபோது நிலுவை செக்டர் 2,912. கொடுக்கும்போது 40. இரண்டு படமும் என்னிடம் இருக்கின்றன. கடையில் காட்டினேன், "அது தானா ஏறும்கா" என்றார்கள்.

பிறகு அவன் செய்ததைத்தான் அந்தக் கடை முதல் நாளே செய்திருக்க வேண்டும். லைவ் பென் டிரைவில் உபுண்டு ஏற்றி, பழுதான டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுக்கும் ddrescue இருக்கிற gddrescue பேக்கேஜைப் போட்டான். பழைய டிஸ்க்கை மவுண்ட் செய்யவே இல்லை. lsblk -o NAME,SIZE,MODEL போட்டு, அளவையும் மாடலையும் வைத்து எது எந்த டிஸ்க் என்று உறுதி செய்துகொண்டான். காலியான 2 டிபி டிஸ்க்குக்குள் போய் நின்றுகொண்டு இதைக் கொடுத்தான், இதில் /dev/sdb என்பது பழைய டிஸ்க்:

```
sudo ddrescue -n /dev/sdb padal.img padal.map
sudo ddrescue -d -r3 /dev/sdb padal.img padal.map
```

முதல் வரி, சுலபமாக வருவதை முதலில் எடுத்துக்கொள்ளும். பழுது தட்டுப்பட்டால் அங்கே நிற்காமல் தாண்டிப்போகும். நல்ல பகுதி பத்திரமான பிறகுதான் இரண்டாவது வரி அந்த மோசமான இடங்களுக்குப் போய் மூன்று முறை கூடுதலாக முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பதெல்லாம் padal.map ஃபைலில் ஏறிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும், நாமே Ctrl+C கொடுத்தாலும், அதே வரியைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த மேப் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து, அதாவது சாகும் டிஸ்க்குக்கு இன்னொரு முழு ஓட்டம்.

முடிவில் 99.98 சதவீதம் வந்துவிட்டது. ஆனால் பட்டியலைக் கடைக்காரர்கள் சிதைத்துவிட்டார்களே! பட்டியல் இல்லாமலே ஃபைல்களைத் தோண்டியெடுக்கும் போட்டோரெக்கை இமேஜில் ஓட்டினோம். பாட்டுகள் வந்தன, f என்று தொடங்கும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு. பாடியவர், ஊர், தேதி எல்லாம் ஃபைல் பெயரில்தான் இருந்தன. டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்த பதிவுகள் பாதியில் வேறு ஏதோ இரைச்சலாக மாறுகின்றன. எந்த ஒப்பாரி எந்த ஊர் அம்மாவுடையது என்று குரலை வைத்துத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்குக் கொடுத்த 8,500 ரூபாய்க்கு ஒரு புது டிஸ்க் வாங்கி, இதை வீட்டிலேயே செய்திருக்கலாம்.

அவசரமாகச் சொல்ல முடிந்தவை: காப்பி தேங்கினால், ஃபோல்டர் திறக்கத் திணறினால் உடனே கழற்றுங்கள். விண்டோஸ் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இமேஜையும் மேப்பையும் வேறு டிஸ்க்கில்தான் வையுங்கள். அது ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அது ஏற்காது. டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் ddrescue-வும் போடாதீர்கள், அது பெரும்பாலும் ஹெட் கோளாறு. கிளீன் ரூம் உள்ள லேபுக்குத்தான் போக வேண்டும். கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் இமேஜ் எடுப்போம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கட்டும் முன் இமேஜையும் எதைக்கொண்டு எடுத்தார்கள் என்ற பதிவையும் கேளுங்கள். ddrescue என்றால் அந்த மேப் ஃபைல். அதைக் காட்ட முடியாமல் முழித்தால் மீதியைக் கட்டாதீர்கள்.