எண் மாறிய பிறகு அம்மாவின் வாட்ஸ்அப்: ஓராண்டு அனுபவம்

தக்கலையில் அம்மா ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். குலசேகரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பெண்கள் அளவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பாதிப் பேர் அனுப்புவது குரல் பதிவுதான். அம்மாவுக்கு அதுதான் அளவுப் புத்தகம்.

சென்ற ஆண்டு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அவருடைய பழைய எண் செயலிழந்தது. புதிய கைபேசியும் புதிய சிம்மும் வாங்கினோம். கடைக்காரர் அங்கேயே புதிய எண்ணில் வாட்ஸ்அப்பைத் தொடங்கிக் கொடுத்துவிட்டார். திறந்தால் ஒரு உரையாடல்கூட இல்லை. கூகுள் கணக்கில் காப்புப்பிரதி இருந்தும் அதை மீட்கும் வாய்ப்பே திரையில் வரவில்லை. அது பழைய எண்ணில் எடுக்கப்பட்டது. எண்ணும் கூகுள் கணக்கும் இரண்டுமே பொருந்த வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைபேசி. சிம் செத்துப்போயிருந்தாலும் வைஃபையில் இணைத்ததும் அதில் வாட்ஸ்அப் திறந்தது. வேறு யாரும் அந்த எண்ணை அதற்குள் பதிவு செய்யாததால் கணக்கு அந்தக் கருவியிலேயே இருந்தது. எண்ணை மாற்றுவதற்குப் பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரவேண்டியதில்லை. புதிய எண்ணுக்கு வந்தால் போதும். இதை அறியாமல் பலர் பழைய கைபேசியை முதலிலேயே அழித்துவிடுகிறார்கள்.

புதிய கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பை நீக்கினேன். பழையதில் Settings, Account, Change number என்று சென்று இரண்டு எண்களையும் நாட்டுக் குறியீட்டுடன் கொடுத்தேன். புதிய சிம்முக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டை இட்டதும் கணக்கு மாறியது. குழுக்கள் அப்படியே இருந்தன. அடுத்து Chats பகுதியில் Chat backup சென்று Back up அழுத்தினேன். அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, புதிய கைபேசியில் அதே கூகுள் கணக்கைச் சேர்த்து, புதிய எண்ணில் நுழைந்தேன். இப்போது Restore வந்தது. இந்த வரிசை முக்கியம்: முதலில் எண், பிறகு காப்புப்பிரதி, கடைசியில் புதிய கருவி.

இடையில் மூன்று நாள் புதிய கைபேசிக்கு வந்த செய்திகள் மட்டும் போயின. அவற்றில் இரண்டு பேருடைய அளவு இருந்தது. தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு சிக்கல். மார்த்தாண்டத்து அக்கா ஒருவர் பழைய எண்ணுக்கே அளவு அனுப்பியிருந்தார். அந்த எண் அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. எண்ணை மாற்றும்போது தொடர்புகளுக்கு அறிவிக்கும் விருப்பத்தை நான் இயக்கவில்லை. அது என் தவறு. அதன் பிறகு வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் அழைத்து, பழைய எண்ணை அழிக்கச் சொன்னார் அம்மா.

இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணையும் அன்றே அமைத்தோம். அதை மறந்து, மின்னஞ்சலும் சேர்க்கப்படாமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும். எனவே என் மின்னஞ்சலைச் சேர்த்து, எண்ணை அம்மாவின் அளவு நாடா வைக்கும் டப்பாவில் எழுதி வைத்திருக்கிறேன்.