ஒளி மாறும் ஷாட்டில் முகமாற்றம்: முகத்தின் நிறத்தைக் கழுத்தோடு ஒட்ட வைத்தல்

டூப் கலைஞரின் உடலில் நடிகரின் முகத்தைப் பொருத்தும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். குறும்படங்களும் விளம்பரங்களும்தான் பெரும்பாலும். நடிகரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கைக்கு வராமல் கோப்பைத் திறப்பதில்லை. முகமாற்றக் கருவி டீப்ஃபேஸ்லேப், கலர் கிரேடிங் டாவின்சி ரிசால்வில். இந்த இரண்டுக்கும் இடையில் நிறம் எங்கே தவறிப்போகிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். முகம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது வேறு கதை.

ஒளி மாறாத ஷாட்டில் பெரிய சிக்கல் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு ஒருமுறை நிறத்தைச் சரிசெய்தால் கடைசி ஃபிரேம் வரை நிற்கும். வெயிலிலிருந்து நிழலுக்குள் ஒருவர் நடந்து வரும்போதுதான் வினை. கழுத்து இருண்டு பச்சை ஏறுகிறது. முகம் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பார்வையாளருக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

புது முகத்தை ஃபிரேமில் ஒட்டும் பகுதியான டீப்ஃபேஸ்லேபின் மெர்ஜர் இதற்காகவே நிறமாற்ற முறைகளை வைத்திருக்கிறது: `rct`, `lct`, `mkl`, `idt`, `sot-m` என்று வரிசை நீளும். அதிகம் புழங்குவது `rct`. 2001இல் எரிக் ரைன்ஹார்ட் குழுவினர் வெளியிட்ட எளிய கணக்கு அது. ஒரு படத்தின் நிறங்களுடைய சராசரியையும் பரவலையும் எடுத்து இன்னொரு படத்தின் மேல் ஏற்றுகிறது. டூப்பின் முகம் இந்த ஃபிரேமில் சராசரியாக எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு மஞ்சள் என்று பார்த்துவிட்டு, புது முகத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவருகிறது. ஒளி மாறினாலும் முகம் பின்னாலேயே போகும் என்பதால், கேட்பதற்குப் பிரச்சினை தீர்ந்ததுபோல் இருக்கும்.

தீராததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, கணக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக நடக்கிறது. முந்தைய ஃபிரேமில் என்ன செய்தோம் என்ற நினைவு அதற்கு இல்லை. தலை சற்றுத் திரும்பி, முகப்பகுதியைக் குறிக்கும் மாஸ்க்கின் ஓரத்தில் கொஞ்சம் முடி நுழைந்தாலோ, தலைக்கவசத்தின் பட்டை கன்னத்தை உரசினாலோ சராசரி நகர்கிறது. முழு முகமும் நிறம் துடிக்கிறது. இரண்டாவது காரணம் தாடி. டூப்புக்கு மூன்று நாள் தாடி இருந்து நடிகர் மழித்த முகத்தோடு இருந்தால், டூப் முகத்தின் சராசரி தாடியால் இருண்டிருக்கும். அந்த இருட்டை `rct` நடிகரின் நெற்றிக்கும் மூக்குக்கும் சேர்த்துப் பூசிவிடும். முகம் முழுக்கச் சாம்பல் படிந்ததுபோல் தெரிவது இதனால்தான். பாதி முகம் வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்கும் ஃபிரேமில் பரவல் பெரிதாகிறது. அதை ஏற்றினால் புது முகத்தின் கான்ட்ராஸ்ட் திடீரென எகிறும்.

`seamless` முறையையும் நீண்ட நாள் பயன்படுத்தினேன். அது மாஸ்க்கின் ஓரத்து நிறத்தை உள்ளே இழுத்துப் பரப்புகிறது. நின்ற படத்தில் அழகாக இருக்கும். ஓடும் படத்தில், பின்னால் ஒரு சிவப்புச் சுவர் தாடையைத் தொட்டாலே கன்னத்தில் சிவப்பு கசியும். ஒளி மாறும் ஷாட்டுக்கு இப்போது அதைத் தொடுவதில்லை. `overlay`, நிறமாற்றம் `none`: இந்த அமைப்பில்தான் எல்லா ஷாட்டையும் வெளியே எடுக்கிறேன். நிறத்தை அதன் பிறகு, ஷாட் முழுவதையும் ஒன்றாகப் பார்த்துச் சரிசெய்கிறேன்.

எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. முகத்தின் நிறத்தையே ஃபிரேம்களுக்கு இடையில் சராசரியாக்கி மென்மையாக்கலாம் என்று பலர் சொல்வார்கள். துடிப்பு அடங்கும், உண்மைதான். ஆனால் நிழல் விழும் இடத்தில் உடல் சட்டென்று இருள, முகம் சில ஃபிரேம் தாமதமாக இருளும். அது துடிப்பைவிட மோசம். மென்மையாக்க வேண்டியது முகத்தின் நிறத்தை அல்ல. டூப்பின் அசல் முகத்துக்கும் பொருத்திய முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. டூப்பின் முகம் அதே ஒளியில், அதே இடத்தில், அதே கணத்தில் இருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் நின்ற லைட் மீட்டர் அதுதான். ஒளி எவ்வளவு வேகமாக மாறினாலும் இரண்டு முகங்களிலும் மாறும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் ஒளியின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். மிஞ்சுவது இரு தோல்களின் நிலையான வேறுபாடும், நடிகரின் முகத்தைக் கற்று வரையும் மாடல் ஒளியைப் பின்தொடரத் தவறிய அளவும். அந்த மிச்சம் மெதுவாகத்தான் நகரும். அதை அளவோடு மென்மையாக்கினால் தாமதம் தெரியாது.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மெர்ஜர் தன் முடிவை `merged` கோப்புறையிலும் மாஸ்க்கை `merged_mask` கோப்புறையிலும் தனித்தனியாக எழுதுகிறது. அசல் ஃபிரேம்கள் `data_dst`இல் இருக்கின்றன. அந்தக் கோப்புறைக்குள் நின்று இதை ஓட்டினால் போதும்:

```python
import cv2, glob, os
def lab(p):
    im = cv2.imread(p).astype("float32") / 255
    return cv2.cvtColor(im, cv2.COLOR_BGR2LAB)
for m in sorted(glob.glob("merged_mask/*.png")):
    n = os.path.basename(m)
    k = cv2.imread(m, 0) > 200
    d = lab("merged/" + n)[k].mean(0) - lab(n)[k].mean(0)
    print(n, d.round(1))
```

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று எண்கள் வரும்: வெளிச்சத்தின் வித்தியாசம், பச்சை–சிவப்பு வித்தியாசம், நீலம்–மஞ்சள் வித்தியாசம். இதை `rct` போட்ட கோப்பில் ஓட்டாதீர்கள். அங்கே மூன்றும் ஏறக்குறைய சுழியாகத்தான் வரும், ஏனென்றால் சராசரியைச் சமமாக்குவதே அதன் வேலை. அந்தச் சுழியைப் பார்த்து நிறம் பொருந்திவிட்டது என்று நம்பினால் தாடிச் சாம்பல் அப்படியே திரைக்குப் போய்விடும்.

ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். காலை வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டூப் ஒரு பட்டறைக்குள் நுழைகிறார். உள்ளே பச்சை சாயும் டியூப்லைட். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் 5600இல் பூட்டப்பட்டிருந்தது. வாசல் நிழல் முகத்தைக் கடக்க ஏறக்குறைய இருபது ஃபிரேம். அந்த இடைவெளியில் டூப் முகத்தின் வெளிச்சம் 62இலிருந்து 34க்கு இறங்கியது. பொருத்திய முகம் 66இலிருந்து 45க்குத்தான் வந்தது. வித்தியாசம் வெளியே 4, உள்ளே 11. சிவப்பு அச்சில் வெளியே 1 ஆக இருந்தது உள்ளே 6 ஆனது. அதாவது, டூப்பின் கழுத்து பச்சைக்குப் போயிருக்க, நடிகரின் முகம் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்பதுபோல் ரோஜா நிறத்தில் இருந்தது. காரணம் நேரடியானது: நடிகரை எடுத்த முகப்படங்களில் டியூப்லைட் வெளிச்சமே இல்லை. மாடல் பார்த்திராத ஒளியை அது பாதிதான் ஊகிக்கும்.

வித்தியாச வளைவைப் பதின்மூன்று ஃபிரேம் சாளரத்தில் மென்மையாக்கியதும் அது எளிய ஒரு சாய்வாகிவிட்டது: மட்டம், சரிவு, மறுபடி மட்டம். ரிசால்வில் `merged_mask`ஐ வெளி மேட்டாக இணைத்து, முகத்துக்கு மட்டும் ஒரு நோட் போட்டு, சரிவு தொடங்கும் ஃபிரேமிலும் முடியும் ஃபிரேமிலும் ஒவ்வொரு கீஃபிரேம் வைத்தேன். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை வளைவு சொல்கிறது. எவ்வளவு என்பதை அதனிடம் கேட்பதில்லை. டூப்பின் முகத்தில் தாடி இருக்கிறது, கழுத்தில் இல்லை. திரையில் முகத்தோடு ஒட்டித் தெரியப்போவது கழுத்துதான். ஆகவே அளவைக் கழுத்தைப் பார்த்தே முடிவு செய்கிறேன். கழுத்தில் ஒரு சிறு துண்டு, கன்னத்தில் ஒரு சிறு துண்டு. இரண்டையும் மாறி மாறி, நிறம் எந்தத் திசையில் சாய்கிறது என்று காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்து ஒரே திசையில் சாயும் வரை ஆஃப்செட்டை நகர்த்துகிறேன். ஸ்கோப்பில் உள்ள தோல்நிறக் கோட்டை இங்கே நம்பக் கூடாது. பச்சை ஒளியில் நிற்கும் தோல் அந்தக் கோட்டில் விழ வேண்டியதில்லை. அதற்குக் கொண்டுவந்தால் முகம் மறுபடி வாசலுக்கு வெளியே போய்விடும்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. கான்ட்ராஸ்ட் குறைந்த லாக் வடிவில் எடுத்த காட்சியை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் முகம் தட்டையாகக் கற்கப்படுகிறது. முழு கிரேடிங் முடித்துக் கொடுத்தால், இயக்குநர் பிறகு நீலத்தைக் கூட்டச் சொல்லும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் வழக்கமான திரைக்குரிய ரெக்.709க்கு மாற்றி, ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சத்தைச் சமன்செய்து, அழகூட்டல் எதுவும் இல்லாமல் முகமாற்றத்துக்கு அனுப்புகிறேன். முகமும் கழுத்தும் ஒட்டிய பிறகுதான் படத்தின் தோற்றத்துக்கான கிரேடிங், அதுவும் முழுச் சட்டகத்தின் மேல். இதில் ஓர் எல்லை உண்டு: மெர்ஜர் எழுதுவது 8 பிட் படம். இருண்ட காட்சியைப் பிறகு அதிகம் தூக்கினால் கன்னத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அத்தகைய ஷாட்டில் முகமாற்றத்துக்கு முந்தைய சமன்செய்தலிலேயே வெளிச்சத்தைச் சற்றுத் தூக்கி வைத்து, கடைசியில் இறக்குகிறேன்.

டியூப்லைட்டில் இன்னொரு தொல்லை. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் 180 பாகை ஷட்டரில் எடுத்தால் சில விளக்குகளின் கீழ் வெளிச்சப் பட்டைகள் படத்தில் மேலும் கீழுமாக உருளும். மாடல் இவற்றைச் சரியாகப் பின்பற்றாது. கழுத்து துடிக்க, முகம் அசையாமல் இருக்கும். நிறம் தவறிவிட்டதென்று கலரிஸ்ட் மணிக்கணக்கில் தேடுவார். ஷட்டரை 172.8 பாகைக்கு, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. எடுத்து முடித்த காட்சி என்றால், துடிப்பு நீக்கும் வேலை முகமாற்றத்துக்கு முன்பே நடக்க வேண்டும்.

நிறம் என்று நினைத்து நேரம் வீணாகும் மற்றோர் இடம் கிரெய்ன். கழுத்தில் கேமராவின் இரைச்சல் இருக்கிறது, பொருத்திய முகத்தில் இல்லை. ஸ்கோப்பில் இரண்டும் ஒரே இடத்தில் நின்றாலும் கண்ணுக்கு முகம் வெளிறித் தெரியும். அசலின் இரைச்சலை முதலில் குறைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பின் முழுச் சட்டகத்துக்கும் ஒரே கிரெய்ன் சேர்க்கிறேன்.

இந்த முறைக்கு அடங்காத ஷாட்களும் இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் அடித்து மூக்கின் நிழல் கன்னத்தில் கூர்மையாக விழும்போது, மாடல் அந்த நிழலை வேறு இடத்தில் வரைந்தால் எந்த கீஃபிரேமும் உதவாது. அது நிறம் அல்ல, வடிவம். மாடலைப் பயிற்றும் இரண்டு வகைகளில், டிஎஃப் கட்டமைப்பைவிட லியே கட்டமைப்பு டூப்பின் ஒளியை நன்றாகப் பின்தொடர்கிறது. பதிலுக்கு முகச்சாயல் கொஞ்சம் குறைகிறது. பக்க ஒளி ஷாட்களுக்கு அதைத்தான் எடுக்கிறேன். முடிந்தால் நடிகரை அதே ஜன்னலருகே உட்காரவைத்து, தலையை எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லி ஐந்து நிமிடம் எடுத்துத் தரச் சொல்வேன். தயாரிப்பு நிர்வாகிகள் முகம் சுளிப்பார்கள். கிடைத்துவிட்டால் மேலே சொன்ன வித்தியாச வளைவு சரிவில்லாமல் நேர்கோடாகவே வருகிறது. கீஃபிரேமுக்கு வேலை இருப்பதில்லை.