நித்திரைக் குளிசை: ஒரேயடியாக விடுவதா, படிப்படியாகக் குறைப்பதா?

அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு எனக்கு நித்திரையே இல்லை. கிளிநொச்சியில் காட்டியபோது சொல்பிடெம் 10 மில்லிகிராம், இரவுக்கு ஒன்று, சில கிழமைக்கு மட்டும் என்று எழுதித் தந்தார்கள். நிறுத்தும் நேரம் வந்தபோது இரண்டு வழி இருந்தது.

ஒரேயடியாக விடுவது லேசு. நாலு கிழமைக்குள் எடுத்தவர்கள் பலர் அப்படியே விட்டுச் சமாளிக்கிறார்கள். எங்கள் மச்சானும் அப்படித்தான் விட்டார். முதல் இரண்டு இரவும் கண் மூடவில்லை. மூன்றாம் இரவு "குளிசை இல்லாமல் எனக்குச் சரிவராது" என்று திரும்பப் போட்டுவிட்டார்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். குளிசையை விட்டதும் நித்திரை முன்பிருந்ததைவிட மோசமாகலாம். மூளை மருந்துக்குப் பழகியிருப்பதால் வரும் எதிர்விளைவு அது. சொல்பிடெம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போவதால் முதலாம், இரண்டாம் இரவிலேயே அடிக்கும், பெரும்பாலும் சில இரவுகளில் தணியும். பழைய நோய் திரும்பினால் அப்படித் திடீரென்று அடித்துத் தணியாது. மெல்ல வந்து அப்படியே நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாதவர் மூன்றாம் இரவில் தோற்றுவிடுவார். குறைத்துக்கொண்டே போனால் அந்த அடி சிறிதாகிறது, தாங்கலாம்.

டொக்டரிடம் கேட்டு நான் செய்தது: ஒரு கிழமை பாதிக் குளிசை, அடுத்த கிழமை கால், அப்புறம் நிறுத்தம். பிளேட்டால் வெட்டி ஒவ்வொரு இரவுக்கும் உரியதை மருந்து உறையில் போட்டு வைத்தேன். கால் துண்டு சரியான காலாக வராது, பரவாயில்லை. ஆனால் மெதுவாகக் கரையும் வகைக் குளிசையை வெட்டவே கூடாது. ஒரு படியில் நித்திரை குழம்பினால் அதே படியில் இன்னும் சில நாள் நிற்கலாம், மேலே ஏறக்கூடாது. கடைசித் துண்டை விடும் இரவை விதைப்புக்கோ, ட்ரக்டர் ஓட்டத்துக்கோ முதல்நாளாக வைக்காதீர்கள்.

விடிய எழும்பும் நேரம் மாறவில்லை. வெயிலுக்கு மத்தியானம் படுக்கும் பழக்கத்தை அந்த நாட்களில் விட்டேன், பின்னேரப் பிளேன்டியையும் விட்டேன். குளிசைக்குப் பதில் கள்ளு, சாராயம் என்று போவது ஆபத்து.

டயசிபாம் எடுத்தவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அது உடம்பில் நாட்கணக்கில் தங்குவதால் குழப்பம் பிந்தி வரும். எனக்கு அதில் சொந்த அனுபவமும் இல்லை. மாதக்கணக்கில் எடுத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் எந்தக் குளிசையையும் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. கைநடுக்கம், வியர்வை, மனக்குழப்பம், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. நிறுத்தி இரண்டு கிழமை கழிந்தும் நித்திரை வராவிட்டால் குளிசையை விட்டதன் குழப்பம் என்று இனிச் சொல்ல முடியாது, முதலில் நித்திரையைக் கெடுத்தது எதுவோ அதற்குத்தான் திரும்ப டொக்டரிடம் போகவேண்டும்.