'வட்டி இல்லாத தவணை'யில் ஃப்ரிட்ஜ் வாங்கினேன். 1,180 ரூபாய் முன்பணத்தில் ஒளிந்திருந்தது

போன மாதம் 36,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். "12 மாதம், மாதம் 3,000, ஒரு பைசா வட்டி கிடையாது சார். நாலு தவணையை மட்டும் இப்பவே கட்டிடுங்க" என்றார் விற்பனையாளர். கணக்கு சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பில்லை நிதானமாகப் பார்த்தேன். மொத்தத் தொகை 36,000, கடன் தொகை 24,000. அப்படியென்றால் நான் கொடுத்திருக்க வேண்டியது 12,000. ஆனால் என் கார்டில் போனது 13,180! பில்லை எத்தனை முறை புரட்டினாலும் அந்த 1,180 எந்த வரியிலும் இல்லை. இருக்கவும் இருக்காது. பில் கடையுடையது, அந்தப் பணம் கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் போன பிராசசிங் கட்டணம். 1,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். 'டவுன் பேமெண்ட்' என்று ஒரே தொகையாகச் சொல்லி வாங்கியதால் எனக்குத் தெரியவில்லை.

ஆயிரம் ரூபாய்தானே என்று விடாதீர்கள். நாலு தவணையை முதலிலேயே கட்டியதால் உண்மையில் கடன் 24,000தான், அதுவும் எட்டே மாதத்துக்கு. அதற்கு 1,180 என்பது வருடத்துக்குச் சுமார் 13.6 சதவீத வட்டிக்குச் சமம். அப்புறம் இன்னொன்று. அதே ஃப்ரிட்ஜை ரொக்கத்துக்கு வாங்கியவருக்கு 1,500 தள்ளுபடி கிடைத்தது. நான் இழந்த அந்தத் தள்ளுபடியையும் சேர்த்தால் வட்டி 32 சதவீதத்தைத் தொடுகிறது. தள்ளுபடி எந்தக் காகிதத்திலும் வராது, நாம்தான் முதலில் கேட்க வேண்டும்: "ரொக்கமா கொடுத்தா என்ன விலை?" தவணைப் பேச்சை எடுக்கும் முன்பே கேளுங்கள்.

கடையில் கேட்டதற்கு, "அது ஃபைனான்ஸ் கம்பெனி வாங்குறது சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். நிதி நிறுவனமோ, நீங்கள் சம்மதித்த கட்டணம், திருப்பித் தர முடியாது என்றது. என் மொபைலுக்கு வந்த ஓடிபியைச் சொன்னதுதான் அந்தச் சம்மதம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு, கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் 'கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' தர வேண்டும், அதுவும் நமக்குப் புரியும் மொழியில். எனக்கும் லிங்க்காக வந்திருந்தது, திறக்காமல் விட்டது என் தவறு. அதில் வட்டி விகிதம் 0 என்று ஒரு வரி. கொஞ்சம் கீழே APR என்று இன்னொரு வரி. கட்டணங்களையும் சேர்த்த வருடச் செலவு அதுதான், அங்கேதான் 13.6 இருந்தது. ஓடிபி சொல்வதற்கு முன் அந்த வரியைப் பாருங்கள். கட்டச் சொல்லும் முன்பணத்தையும் கடன் தொகையையும் கூட்டி, பில் தொகையோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் கூடினாலும் அது என்ன பணம் என்று கேட்டுவிட்டு அப்புறம் கார்டை நீட்டுங்கள்.